தமிழில் அடைமொழிக்கு வரிசை இல்லையா?

ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் வகுப்புகளில் ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. ஆங்கிலத்தில் ‘எ பியூட்டிஃபுல் ஓல்ட் வுடன் டேபிள்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘வுடன் ஓல்ட் பியூட்டிஃபுல் டேபிள்’ என்றால் பிழை. தமிழில் அந்தத் தொல்லை கிடையாது, அடைமொழிகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்பார்கள். தமிழ் இலக்கணம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பாளர்கள், செய்தி எழுதுபவர்கள் பலரும் இதை நம்பித்தான் எழுதுகிறார்கள். அதனால் வாக்கியங்கள் கெடுகின்றன. இந்தக் கருத்தின் ஒவ்வொரு பகுதியும் தவறு.

முதலில், ‘தமிழில் சொற்கள் எங்கும் நிற்கலாம்’ என்ற வாதம். வாக்கிய அளவில் இது பெரும்பாலும் உண்மை. ‘நேற்று நான் அவனைப் பார்த்தேன்’, ‘அவனை நான் நேற்று பார்த்தேன்’, ‘பார்த்தேன் அவனை நேற்று’ எல்லாமே தமிழ்தான். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் வேற்றுமை உருபும் வினைவிகுதியும் அடையாளம் காட்டுவதால் அவை இடம் மாறினாலும் தொலைந்துபோவதில்லை. ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் அடைக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. ‘பழைய’ என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருமைக்கும் பன்மைக்கும் எந்த வேற்றுமைக்கும் அதே உருவில்தான் நிற்கிறது. சமஸ்கிருதத்தில் அடைமொழி தான் தழுவும் பெயரின் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் ஏற்று நிற்பதால் விலகி நின்றாலும் உறவு தெரியும். தமிழில் அடையின் உறவைக் காட்டுவது அது நிற்கும் இடம் ஒன்றுதான். வாக்கியத்தில் உள்ள சுதந்திரத்தைப் பெயர்த்தொடருக்குள்ளும் கொண்டுபோனது இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை.

அடுத்தது, ‘மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது’ என்பது. காய்கறிக் கடைக்குப் போனால் இதைச் சோதித்துவிடலாம். ‘பெரிய சின்ன வெங்காயமாப் பாத்துப் போடுங்க’ என்று யாராவது கேட்டால் கடைக்காரர் குழம்புவதில்லை. சாம்பாருக்கு உரிக்கும் சின்ன வெங்காயத்தில் பருமனானவற்றைப் பொறுக்கிப் போடுகிறார். ‘சின்ன பெரிய வெங்காயம்’ என்றால் பல்லாரியில் சிறியது. அதே மூன்று சொற்கள், வரிசை மட்டும் மாறியது, கூடையில் விழும் பொருளே வேறாகிவிட்டது. பெயரை ஒட்டி நிற்கும் ‘சின்ன’ அளவைச் சொல்லவில்லை, வகையைச் சொல்கிறது. அதற்கு வெளியே நிற்கும் ‘பெரிய’தான் அளவைச் சொல்கிறது.

‘பழைய போலி நாணயம்’ என்பதையும் ‘போலியான பழைய நாணயம்’ என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, யாரோ எப்போதோ அடித்த கள்ள நாணயம். அதற்கு உண்மையிலேயே வயதாகிவிட்டது. இரண்டாவது, பழங்காசு என்று சொல்லி விற்பதற்காகப் போன மாதம் வார்த்தது. நாணயம் சேகரிப்பவருக்கு முன்னது ஒருவேளை மதிப்புள்ளதாக இருக்கலாம், பின்னது வெறும் ஏமாற்று. வெளியே நிற்கும் அடை, தனக்கு உள்ளே இருக்கும் தொடர் முழுவதையும் சேர்த்துத் தழுவுகிறது என்பதே இதற்குக் காரணம். ‘முதல் மூன்று பாடங்கள்’ என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. ‘மூன்று முதல் பாடங்கள்’ என்றால் மூன்று வேறு புத்தகங்களின் தொடக்கப் பாடங்கள்.

இவ்வளவு இருந்தும் தமிழில் வரிசை இல்லை என்று ஏன் தோன்றுகிறது? ‘அழகான பழைய மரமேசை’, ‘பழைய அழகான மரமேசை’ இரண்டும் காதுக்கு உறுத்தவில்லை என்பது உண்மை. காரணம் ‘ஆன’ என்ற ஈறு. ‘அழகான’, ‘உயரமான’, ‘சிவப்பான’ போன்றவை ஆதல் வினையின் பெயரெச்சத்தைக் கொண்டு உருவானவை. ஒவ்வொன்றும் ஒரு குட்டி வாக்கியம்போல் தனித்து நிற்பதால் அவை ஓரளவு இடம் மாறலாம். ‘சிவப்பான பெரிய பந்து’ என்று சொல்லலாம். ஆனால் அந்த ஈறு இல்லாத அடைகளைத் தொட்டுப் பாருங்கள். ‘பெரிய சிவப்புப் பந்து’ இயல்பு. ‘சிவப்புப் பெரிய பந்து’ என்பது பல பெரிய பந்துகளில் சிவப்பைத் தேர்ந்து சுட்டினால் ஒழிய வாயில் வராது. ‘பழைய மரமேசை’ சரி, ‘மரப் பழைய மேசை’ தமிழே அல்ல. மரம், பருத்தி, பித்தளை போன்ற பொருட்பெயர்கள் பெயரோடு புணர்ந்து ஒரே சொல்லாக இறுகிவிடுகின்றன. இடையில் எதையும் நுழைக்க அவை விடுவதில்லை. ஆகவே தமிழில் நெகிழ்ந்த அடைகளும் உண்டு, இறுகிய அடைகளும் உண்டு. நெகிழ்ந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு மொத்த மொழிக்கும் தீர்ப்பு எழுதியதால் வந்த வினை இது.

இலக்கணம் பேசவில்லை என்ற குற்றச்சாட்டு எனக்கு வருத்தம் தருகிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்திலேயே வண்ணச்சினைச்சொல்லுக்கு அடை, சினை, முதல் என்ற வரிசை சொல்லப்பட்டு, அது மயங்கக் கூடாது என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது. ‘செங்கால் நாரை’ அதற்கு எடுத்துக்காட்டு. செம்மை அடை, கால் சினை, நாரை முதல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூலில் இதை விரிக்கிறார். ஒரு முதற்பொருளுக்கு இரண்டு அடை வருவது வழக்கில் உண்டு. சினைக்கு இரண்டு அடை வருவதும் வரிசை மயங்குவதும் செய்யுளுக்கு மட்டுமே உரியவை. இரண்டு அடைக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று ‘சிறு கருங்காக்கை’. அளவு முன்னால், நிறம் பின்னால். ஆங்கிலப் பாடத்தில் இன்று மனப்பாடம் செய்ய வைக்கும் அதே வரிசைதான் இது. பேச்சிலும் உரைநடையிலும் வரிசை நிலையானது, கவிஞனுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று நன்னூல் எல்லை வகுத்தே சொல்லியிருக்கிறது.

சரி, வரிசை உண்டென்றால் ஆங்கிலப் பட்டியலையே தமிழுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். அந்தப் பட்டியல் ஆங்கிலத்துக்கே முழுமையான சட்டம் அல்ல. கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், மூலப்பொருள், பயன் என்ற எட்டுப் படிகளை மார்க் ஃபோர்சைத் 2013-இல் வெளியிட்ட நூல் மிகவும் பிரபலப்படுத்தியது. ஆனால் குழந்தைக் கதைகளில் வரும் ‘பிக் பேட் உல்ஃப்’ அந்த வரிசையை மீறுகிறது. அளவு முன்னால், கருத்து பின்னால். பட்டியலுக்கு அடியில் ஒரு காரணம் இருக்கிறது. கிரெகரி ஸ்காண்ட்ராஸ், ஜூடித் டெகன், நோவா குட்மன் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஆளுக்கு ஆள் மாறும் பண்புகள் பெயரிலிருந்து தள்ளியும் மாறாத பண்புகள் பெயருக்கு அருகிலும் நிற்கும் போக்கு ஆங்கிலத்தில் வலுவாக இருப்பதைக் காட்டியது. மேசை அழகா இல்லையா என்று இருவர் வாதிடலாம், அது மரமா இல்லையா என்று வாதிட முடியாது. மாணவருக்கு எட்டுச் சொற்களை ஒப்பிக்கக் கொடுப்பதைவிட இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

தமிழில் இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் நீளமான விளக்கங்கள் பெயருக்குப் பின்னால் போய்விடும். தமிழில் பெயரெச்சத் தொடர், எவ்வளவு நீளமானாலும், முன்னால்தான் வரவேண்டும். அந்த நீளத் தொடருக்குள்ளேயே வேறு பெயர்கள் இருக்கும். ‘பழைய தாத்தா வாங்கிய மேசை’ என்று எழுதினால் ‘பழைய’ தாத்தாவைப் பற்றிக்கொள்கிறது. ‘தாத்தா வாங்கிய பழைய மேசை’ என்றால் சிக்கல் இல்லை. சுட்டும் இப்படியே. ‘அந்த மூலையில் நிற்கும் பையன்’ என்றால் சுட்டப்படுவது மூலை. ‘மூலையில் நிற்கும் அந்தப் பையன்’ என்றால்தான் பையன். ஆங்கிலத்தில் சுட்டும் சொல் முதலில் வருவதைப் பார்த்து அதையே முதலில் வைக்கும் மொழிபெயர்ப்பாளர், சுட்டை வேறொரு பெயரிடம் ஒப்படைத்துவிடுகிறார். நீளமானது முன்னால், குட்டையானது பெயருக்கு அருகில் என்பது தமிழுக்கு மிக முக்கியமான ஒழுங்கு. எட்டுப் படிப் பட்டியலில் அது இல்லவே இல்லை.

கடைசியாக, ‘தமிழ் எவ்வளவு நீளமான பெயர்த்தொடரையும் தாங்கும்’ என்ற பெருமிதம். இலக்கணம் தாங்கும், படிப்பவர் தாங்கமாட்டார். செய்தித்தாள் நடையில் நான் அமைத்த ஒரு வாக்கியம்:

‘கடந்த மழையில் உடைந்த ஏரிக்கரையைச் சீரமைப்பதற்காக ஒதுக்கப்பட்ட நிதியில் முறைகேடு செய்ததாகக் கைதான ஒப்பந்ததாரரின் மூத்த மகனுக்குச் சொந்தமான லாரி நேற்று பறிமுதல் செய்யப்பட்டது.’

இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ‘லாரி’ வருவதற்கு முன் 14 சொற்கள். வழியில் மழை, ஏரிக்கரை, நிதி, ஒப்பந்ததாரர், மகன் என்று ஐந்து பெயர்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ‘செய்தி இதைப் பற்றியதுதான் போலிருக்கிறது’ என்று நின்று, பிறகு அதை விட்டுவிட்டு நகர வேண்டியிருக்கிறது. லாரி பழையது என்று சேர்க்க நினைத்தால் ‘லாரி’க்கு நேர் முன்னால் மட்டுமே இடம். இரண்டு சொல் தள்ளி வைத்தால் மகன் பழையவனாகிவிடுவான்.

நீளம் மட்டுமே குற்றம் என்று சொல்லமாட்டேன். ‘உயரமான, மெலிந்த, நரைத்த தாடியுள்ள, கண்ணாடி அணிந்த முதியவர்’ என்ற தொடரும் நீளம்தான். ஆனால் நான்கு அடைகளும் நேராக முதியவரைத் தழுவுவதால் சிரமம் இல்லாமல் படித்துவிடுகிறோம். லாரி வாக்கியத்தில் ஓர் அடைக்குள் இன்னோர் அடை, அதற்குள் மற்றோர் அடை. ஆழம்தான் படிப்பவரைத் திணறடிக்கிறது. திருத்தவேண்டியது இப்படி: ‘லாரி ஒன்று நேற்று பறிமுதல் செய்யப்பட்டது. ஏரிக்கரை நிதியில் முறைகேடு செய்ததாகக் கைதான ஒப்பந்ததாரரின் மூத்த மகனுக்கு அது சொந்தம். கடந்த மழையில் உடைந்த கரையைச் சீரமைக்க அந்த நிதி ஒதுக்கப்பட்டிருந்தது.’ ஒரு தகவலும் விடுபடவில்லை, செய்தி முதல் வரியிலேயே வந்துவிட்டது.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடைமொழி வரிசைப் பாடத்தை எடுக்கும் நாளில் ‘தமிழில் இது இல்லை’ என்று தொடங்காதீர்கள். ‘பெரிய சின்ன வெங்காயம்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அதில் எந்தச் சொல் அளவு, எந்தச் சொல் வகை என்று கேளுங்கள். மாணவர்களுக்கு விடை முன்பே தெரியும்.