வெளிநாட்டு மின்சாதனம்: சட்டம் எட்டுகிறது, கை எட்டவில்லை

புதுதில்லி: வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் நேரடியாக வாங்கிய மின்சாதனம் பழுதானால், அதற்கு இந்தியாவில் பொறுப்பேற்பவர் யார்? 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் இதற்குப் பாதி விடையையே அளிக்கின்றன.

அமெரிக்காவில் விற்கப்படும் 120 வோல்ட், 1,500 வாட் ஹேர் டிரையரை இங்குள்ள ஒருவர் வரவழைப்பதாகக் கொள்வோம். அதன் தட்டையான இரு முனைகள் இந்தியச் சாக்கெட்டில் சரிவரப் பொருந்தா. கடையில் ஓர் அடாப்டர் வாங்கிச் செருகுகிறார். அடாப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர, மின்னழுத்தத்தை மாற்றாது. நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். மின்னழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்போது வெப்பக் கம்பி இழுக்கும் மின்திறன் நான்கு மடங்கை நெருங்கி, சுமார் 5,500 வாட்டை எட்டும். சில நொடிகளில் கம்பி கருகிவிடும், தீப்பற்றவும் கூடும்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இதற்குத் தீர்வுதான். ஆனால், 1,500 வாட்டைத் தாங்கும் மின்மாற்றி கனமானது, விலையும் அதிகம். அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸை அது தருவதில்லை. மோட்டார் கொண்ட சில சாதனங்கள் நமது 50 ஹெர்ட்ஸில் வேகம் குறைந்து சூடேறும். சாதனத்தின் அடியில் ‘100-240V, 50/60Hz’ என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே அடாப்டர் போதுமானது. மடிக்கணினி, கைப்பேசி ஆகியவற்றின் சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகை.

கருகிய சாதனத்துக்கு உத்தரவாதம் கோரும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. உத்தரவாதம் விற்பனை நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பது பல தயாரிப்பாளர்களின் நிபந்தனை. அதே பெயரில் இங்கு இயங்கும் சேவை மையமும் அதைக் காட்டிக் கைவிரிக்கலாம். தவறான மின்னழுத்தத்தில் இயக்கியதே பழுதுக்குக் காரணம் என்றால், தயாரிப்புக் குறை என்ற வாதமும் நிற்காது.

வெளிநாட்டில் நிறுவப்பட்டிருந்தாலும் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து முறையாக விற்றுவரும் மின்வணிக நிறுவனத்துக்கு மேற்கண்ட விதிகள் பொருந்தும். சந்தைத் தளத்தில் விற்பவர், இறக்குமதிப் பொருளுக்கு இறக்குமதியாளரின் பெயரையும் விவரங்களையும் தர வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. ஆனால், நேரடியாக வரவழைத்த பார்சலில், சுங்கத் துறையின் கணக்கில் வாங்கியவரே இறக்குமதியாளர் ஆகிவிடுகிறார். வழக்குத் தொடுக்க இடையில் வேறொருவர் இல்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட வழிசெய்தது. பெரிய சலுகைதான். எனினும், எதிர்த்தரப்புக்கு இந்தியாவில் அலுவலகமோ சொத்தோ இல்லையெனில், சாதகமான உத்தரவைப் பெற்றவரும் அதைச் செயல்படுத்த அயல்நாட்டு நீதிமன்றத்தை நாட நேரிடும். சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக அவ்வளவு தூரம் செல்பவர் யார்?

‘120 வோல்ட்’ என்ற குறிப்பு விற்பனைப் பக்கத்தின் அடியில் எங்கோ இருந்ததாக விற்பனையாளர் வாதிடவும் இடமுண்டு. விநியோக முகவரி இந்தியாவில் உள்ளது எனத் தெரிந்த பின்னும், பொருந்தாத மின்னழுத்தம் குறித்துப் பணம் செலுத்தும் முன் எச்சரிக்க வேண்டும் என அவ்விதிகள் வெளிப்படையாகக் கூறவில்லை. அதைச் சேர்ப்பதற்கு நாடாளுமன்றத்தில் புதிய மசோதா தேவையில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கையே போதும்.