மாதக் கடைசி என்றால் மாதக் கடைசிதான்!



ஒரு தோட்டத்து ஆபீசில் ஓய்வு பெறப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தின் விதி ஒரே வரிதான்: “60 வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு.” ஆனால் பட்டியலில் உள்ள தேதிகள் அந்த வரிக்குப் பொருந்தவில்லை. 1970 மார்ச் 14இல் பிறந்த கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரின் பெயருக்கு நேரே 2030 பெப்ரவரி 28 என்று போட்டிருக்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. பிறந்த ஆண்டோடு 60ஐக் கூட்டுங்கள்: 2030. மாதத்தை அப்படியே வையுங்கள்: மார்ச். பிறந்த நாளை விட்டுவிட்டு, அந்த மாதத்தின் கடைசி நாளை எழுதுங்கள்: 2030 மார்ச் 31. மார்ச் 2இல் பிறந்தவருக்கும் மார்ச் 30இல் பிறந்தவருக்கும் அதே தேதிதான்.

பிறகு பெப்ரவரி எப்படி வந்தது? “மார்ச் 31 வரைக்கும் வைத்தால் 60 தாண்டிவிடுமே, அதனால் அதற்கு முந்திய மாதக் கடைசி” என்பது ஆபீசின் பதில். தாண்டினால் என்ன? 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம், அது வந்தபோது 52 வயது நிறையாதவர்களுக்கு 60 என்று வைத்தது. பெயரிலேயே இருக்கிறது, “குறைந்தபட்ச” என்று. அதற்கு முன்னால் அனுப்பக்கூடாது என்பதற்குத்தான் அந்த எண். பெப்ரவரி 28இல் அந்த அக்காவுக்கு 60 ஆக இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அன்றைக்கு அவரை நிறுத்தினால் தோட்டத்து விதியும் மீறப்படுகிறது, நாட்டுச் சட்டமும் மீறப்படுகிறது.

“ஒரு மாதம்தானே” என்று விட்டுவிடாதீர்கள். அந்த அக்கா வேலைக்குச் சேர்ந்தது 1990 மார்ச் 20இல். மார்ச் 31 வரை இருந்தால் சேவை 40 ஆண்டு நிறைகிறது. பெப்ரவரி 28இல் நிறுத்தினால் 39 ஆண்டுதான். பணிக்கொடைச் சட்டம் பூர்த்தியான ஆண்டுகளை மட்டுமே எண்ணும். 20 நாள் குறைந்தாலும் அந்த ஆண்டு கணக்கில் வராது. நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு பூர்த்தியான ஆண்டுக்கும் 14 நாள் கூலி. ஆக, மார்ச் மாதத்துச் சம்பளம் போகிறது, அதற்குரிய சேமலாப நிதி போகிறது, அதோடு 14 நாள் கூலியும் போகிறது. பிறந்த நாளான மார்ச் 14இலேயே நிறுத்தினாலும் அந்த 40ஆவது ஆண்டு கிடைக்காது. அதனால்தான் “மாதக் கடைசி” என்ற இரண்டு சொல்லை நாம் விடக்கூடாது.

இன்னொரு தகராறு முதலாம் தேதியில் பிறந்தவர்களுக்கு. 1970 மார்ச் 1இல் பிறந்தவருக்கு, பெப்ரவரி 28 இரவோடு 60 நிறைந்துவிடுகிறது, ஆகவே பெப்ரவரிதான் கடைசி மாதம் என்று வாதிடுவார்கள். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. முதலாம் தேதியில் பிறந்தவர் முந்திய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார் என்று அங்கே விதியிலேயே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதாமல் அந்த அர்த்தம் தானாக வராது என்பதால்தானே எழுதினார்கள்? நமது தோட்டத்து விதியில் அந்த வரி இல்லை. இல்லாத வரியைக் கிளாக்கர் ஐயா தன் பேனாவால் சேர்க்க முடியாது. பிறந்தநாள் வருவது மார்ச்சில். ஓய்வு மார்ச் 31.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். “மாதக் கடைசி” என்பது மேலே சொன்ன சட்டத்திலிருந்து வருவதல்ல; தோட்டத்து விதியிலிருந்து வருவது. ஆகவே உங்கள் தோட்டத்தில் எழுத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, பிரதி வேண்டும்.

பிறகு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள தேதியும் ஆபீஸ் பதிவில் உள்ள தேதியும் ஒன்றா என்று பாருங்கள். சேர்ந்த தேதியையும் பாருங்கள். பட்டியலில் உள்ள நாள், நீங்கள் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளாக இல்லாவிட்டால், தோட்டத் தலைவர் மூலம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழில் அலுவலகத்துக்குச் சங்கம் கொண்டுபோகும்.

கடைசி நாளில் கையெழுத்து வைத்துவிட்டு அழுவதைவிட, பட்டியல் சுவரில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். 40 ஆண்டு உழைத்தவருக்கு 39 ஆண்டுக் கணக்குக் கொடுக்க நாம் விடப்போவதில்லை.