கழுத்து கட்டையா, சட்டை கட்டையா?

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில ஆடி அமாவாசைத் தீர்த்தம் நெருங்கினால், சட்டை தைக்கக் குடுக்கிற எங்கட பெண்பிள்ளைகளுக்கு ஒரு தீர்ப்பும் சேர்ந்து வரும்: "கழுத்து கட்டை, உனக்கு ஜிமிக்கி சரிவராது புள்ள." போனில வாற முகவடிவப் படங்களும் இதையேதான் சொல்லுது. முட்டை வடிவ முகம்தான் சரியாம், மற்றதெல்லாம் திருத்த வேண்டிய குறையாம்.

இதை நாங்கள் ஏற்கமாட்டோம். தோடும் கழுத்து வெட்டும் கண்ணை ஏமாற்றும் என்பது உண்மைதான். ஆனால் அது இஞ்சி டேப்பால் அளக்கக்கூடிய விஷயம். அளக்காமல் ஆளைக் குறை சொல்வதுதான் எங்கட கோபம்.

எங்கட தோழி ஒருத்தியை எடுங்கள். தாடை அகலம், கழுத்து குட்டை. காது மடலில் இருந்து தாடை மூலைக்கு ஒன்றரை அங்குலம், தோளுக்கு நாலு அங்குலம். அவள் போட்ட ஜிமிக்கியின் நீளமும் ஒன்றரை அங்குலம். ஜிமிக்கி கீழ்ப்பக்கம்தானே விரியும்? அந்த விரிவு சரியாகத் தாடையின் அகலமான இடத்தில வந்து நின்றது. முகம் இன்னும் அகலமாகத் தெரியாமல் என்ன செய்யும்! காதோடு ஒட்டின தோடு போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. தொங்கத்தான் வேணுமென்றால், இரண்டரை அங்குலத்தில மெல்லிசாக ஒன்று. தாடையைத் தாண்டும், தோளுக்கு மேல ஒன்றரை அங்குலம் வெறுமையாக இருக்கும். தோளைத் தொடுகிற தோடுதான் குட்டைக் கழுத்தை விழுங்கும். ஒடுங்கின முகக்காரிக்கோ அதே ஜிமிக்கி நல்லாப் பொருந்தும், அவளுக்கு அந்த அகலம் வேணும். மேலேறின வட்டக் கழுத்தும் படகுக் கழுத்தும் அவளுக்குத்தான்.

அடுத்தது சட்டை. தோழியின் சட்டையில முன்கழுத்து இறக்கம் நாலரை அங்குலம். வட்டக் கழுத்து, தாடையின் வளைவையே கீழே இன்னொருக்காக் கீறினமாதிரி. இறக்கத்தை ஆறரையாக்கி 'யு' வெட்டுப் போட்டதும் கழுத்து நீண்டது. அவளில ஒன்றும் மாறவில்லை. 'வி' வெட்டும் நல்லதுதான், ஆனால் சேலைக்கு அவ்வளவாகச் சரிவராது: முந்தானை இடப்பக்கத்தை மூடிவிட, பாதி 'வி'தான் மிஞ்சும். முன்னும் பின்னும் இறக்கமாக வெட்டினால் கழுத்து அகலத்தைக் கால் அங்குலமாவது குறைக்கச் சொல்லுங்கள், இல்லாட்டி தோள் வழுகும்.

தென் தமிழ்நாட்டில பாம்படம் போட்ட பாட்டிகளுக்குக் காது தோளைத் தொட்டது. அவர்களிடம் யாரும் முகவடிவம் கேட்கவில்லை. தாடை மூலையில நிற்கிற ஜிமிக்கிதான் பிடிக்குமென்றால் எங்கட தோழியும் அதையே போடட்டும். தையல்கடையில ஆரும் "கழுத்து கட்டை" என்று தொடங்கினால், "இறக்கம் எத்தனை அங்குலம் வெட்டினீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.