பத்தாம் நாளில் மட்டும் ஏன்?

சக்சினைல்கோலின் என்ற மருந்தை யாருக்கெல்லாம் போடக் கூடாது? மருந்தியல் படித்த மாணவர் எவரைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார்: தீக்காயம், பக்கவாதம், தண்டுவடக் காயம், டெட்டனஸ், நீண்ட நாள் படுக்கை, தசைச் சிதைவு நோய். விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மருந்தியல் மன்றத்தில் பேசவந்த இறுதியாண்டு மாணவி, இந்தப் பட்டியலைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதினார். பிறகு ஜூனியர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“வெடி ஆபீஸ் விபத்தில் உடம்பில் நாற்பது சதவீதம் வெந்துபோன ஒருத்தரை இப்போதுதான் தூக்கிட்டு வர்றாங்க. முகமும் தொண்டையும் வீங்குது. உடனே மூச்சுக்குழாய் போடணும். இந்த மருந்தைக் கொடுக்கலாமா?” தீக்காயம் பட்டியலில் இருக்கிறதே! கூடாது என்றார்கள் ஜூனியர்கள். “முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ளே கொடுக்கலாம். அதே ஆளுக்குப் பத்தாம் நாள் தோல் ஒட்டுறதுக்காகத் தியேட்டருக்குக் கொண்டு போறோம். அப்போ கொடுத்தா மேஜையிலேயே இதயம் நின்னுடலாம். நோயாளி அதே ஆள், மருந்தும் அதேதான். நடுவுல என்ன மாறிச்சு?”

கரும்பலகையில் இருந்த பட்டியலால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடித்தது.

மயக்க மருத்துவர்கள் ‘ஸ்கோலின்’ என்று சொல்லும் இந்த மருந்து ஒரு நிமிடத்துக்குள் தசைகளைத் தளர்த்தி, சில நிமிடங்களில் விலகிவிடும். அவசரத்தில் மூச்சுக்குழாய் போட அதனால்தான் அதை நாடுகிறார்கள். நரம்பும் தசையும் சந்திக்கும் சிறு இடத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஸ்கோலின் அவற்றில் ஒட்டியதும் ஏற்பி திறக்கும். சோடியம் தசைக்குள் நுழையும், கொஞ்சம் பொட்டாசியம் வெளியேறும். ஏற்பிகள் அந்தச் சிறு இடத்தில் மட்டுமே இருப்பதால் ரத்தப் பொட்டாசியம் வழக்கமாக அரை யூனிட் அளவுக்குத்தான் உயரும். 4.5 இருந்தால் 5 ஆகும். இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும்.

பெரிய தீக்காயத்துக்குப் பிறகு தசையின் நடத்தை மாறிவிடுகிறது. தசைச் செல் புதிய ஏற்பிகளை உருவாக்கி, தன் மேற்பரப்பு முழுவதும் பரப்புகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் தசையில் காணப்படும் முதிராத வகை ஏற்பிகள் இவை. எளிதில் திறப்பவை, திறந்தால் அதிக நேரம் திறந்தே இருப்பவை. இந்தப் புரதங்களைச் செல் தயாரித்துச் சவ்வில் பொருத்த நேரம் பிடிக்கும். முதல் நாள் பயமில்லை என்பதற்குக் காரணம் அதுதான். பத்தாம் நாள் ஸ்கோலின் ஏறும்போது சந்திப்பிடம் மட்டுமல்லாமல் தசையின் மேற்பரப்பு முழுவதுமே திறந்துகொள்கிறது. செல்லுக்குள் பொட்டாசியத்தின் அளவு சுமார் 140. வெளியே 4 முதல் 5 வரைதான். அந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் மிச்சத்தை நாமே சொல்லிவிடலாம். ஈசிஜியில் டி அலை கூர்மையாக எழும்பும், க்யூஆர்எஸ் அகலமாகும், பிறகு இதயம் நிற்கும். உடனே கால்சியம் கொடுத்து இதயத்தைக் காக்க வேண்டும். இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

கூட்டத்தில் ஒரு மாணவர் நல்ல கேள்வி கேட்டார்: “அக்கா, அப்படின்னா நம்ம உடம்புல சுரக்குற அசிட்டைல்கோலினே அவரைக் கொன்னுடணுமே?” கொல்லாது. அது சந்திப்பிடத்திலேயே மில்லிசெகண்ட் கணக்கில் சிதைந்துவிடும், வெளியே பரவ வழியில்லை. ஸ்கோலினை அங்குள்ள நொதியால் உடைக்க முடியாது. அது ரத்தத்தின் வழியே எல்லாத் தசைகளையும் எட்டுகிறது.

கரும்பலகைப் பட்டியலில் இருந்த பக்கவாதம், தண்டுவடக் காயம், நீண்ட படுக்கை மூன்றும் இப்போது ஒரே காரணத்தில் அடங்கிவிட்டன. நரம்பின் கட்டளை வராத தசையும், அசையாமல் கிடக்கும் தசையும் ஏற்பிகளைப் பரப்பிக்கொள்கின்றன. தீக்காய நோயாளிக்கு ரோக்குரோனியம் போன்ற மருந்து வழக்கத்தைவிட அதிக அளவில் தேவைப்படும் என்பது பாடப்புத்தகத்தில் தனிப் பட்டியலாக வரும். ஏற்பிகள் பெருகினால் அவற்றை அடைக்க மருந்தும் கூடத்தானே வேண்டும்? இரண்டு பட்டியல்களுக்கும் விதை ஒன்றுதான்.

இந்த மாவட்டத்தில் இது புத்தக விஷயமாக நின்றுவிடுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம். விபத்தில் பிழைத்தவர்களுக்கு வாரக்கணக்கில் ஒட்டு அறுவை நடக்கும். ஒவ்வொரு முறையும் யாரோ ஓர் இளம் மருத்துவர் மருந்துத் தட்டின் முன் நிற்பார்.

அடுத்து மாணவி பேரியத்துக்கு வந்தார். பட்டாசில் பச்சை ஒளி தருவது பேரியம் உப்பு. உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசுகளில் பேரியத்துக்குத் தடை விதித்தது. 2021-இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. பேரியம் நைட்ரேட் வயிற்றுக்குள் போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, அதன்பின் கை கால் தளர்ச்சி, கடைசியில் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். ரத்தப் பொட்டாசியம் 2-க்கும் கீழே விழலாம். வயிற்றுப்போக்கில் போன அளவை வைத்து அந்த வீழ்ச்சியை விளக்க முடியாது. பொட்டாசியம் செல்லிலிருந்து வெளியேறும் வாயில்களைப் பேரியம் அடைத்துவிடுகிறது. உள்ளே இழுக்கும் பம்ப் நிற்காமல் ஓடுகிறது. பொட்டாசியம் உடம்பை விட்டுப் போகவில்லை, செல்லுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. தீக்காய நோயாளிக்கு நேர்ந்ததன் நேர்தலைகீழ் இது.

வைத்தியமும் இதிலிருந்தே பிறக்கிறது. சிரை வழியாகப் பொட்டாசியம் கொடுக்க வேண்டும். ஆனால் பேரியம் வெளியேறத் தொடங்கியதும் சிறைப்பட்டது திரும்பி வரும் என்பதால், அளவுக்கு மீறிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஆபத்து. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். குடலில் மிஞ்சிய பேரியத்துக்கு மெக்னீசியம் சல்ஃபேட்டை வாய் வழியாகக் கொடுத்தால், கரையாத பேரியம் சல்ஃபேட்டாக மாறிக் கழிவோடு போய்விடும். எக்ஸ்ரேவுக்கு முன் நோயாளிகள் குடிக்கும் வெள்ளைக் கரைசலில் இருப்பது அதே பேரியம் சல்ஃபேட்தான். கரையாததால் அது விஷமாவதில்லை. சல்ஃபேட்டைச் சிரையில் ஏற்றினால் அதே கரையாத பொருள் சிறுநீரகத்தில் படியக்கூடும்.

இயங்குமுறை தெரிந்தால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று மாணவி சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மருந்தின் அளவு, இருபத்துநாலு மணி நேரம் என்ற எல்லை ஆகியவற்றை நெட்டுருத்தான் போட வேண்டும். காரணத்தை மட்டும் நம்பினால் மருத்துவம் தடுக்கி விழுவதும் உண்டு. மாரடைப்புக்குப் பிந்தைய தாறுமாறான துடிப்புகள் ஆபத்தானவை, ஆகவே அவற்றை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. 1989-இல் காஸ்ட் ஆய்வின் முடிவு வந்தபோது, துடிப்பை அடக்கிய ஃப்ளெக்கனைடும் என்கனைடும் மரணத்தைக் கூட்டியிருந்தன. காரணத்தைச் சோதனையில் சரிபார்க்கத்தான் வேண்டும்.

ஆனாலும் நம் தேர்வுத்தாள்கள் இன்னும் ‘பட்டியலிடுக’ என்றே கேட்கின்றன. ஐந்து பெயர் எழுதினால் ஐந்து மதிப்பெண் என்று இருக்கும்போது, ஏன் என்று யோசிக்கும் மாணவருக்கு நேரம்தான் விரயம். மாணவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை; கேள்வி கேட்பவர்கள் நாம்தான். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் அடுத்த தேர்வில் அந்தப் பட்டியல் கேள்வியை எடுத்துவிட்டு, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘தீக்காயமடைந்த நோயாளிக்கு முதல் நாள் சக்சினைல்கோலின் கொடுக்கப்பட்டது. பத்தாம் நாள் மயக்க மருத்துவர் அதை மறுத்து, ரோக்குரோனியத்தைக் கூடுதல் அளவில் கொடுத்தார். இரண்டு முடிவுகளுக்கும் ஒரே காரணத்தை எழுதுக.’