ஏறினால் வாங்கு, இறங்கினால் விற்றுவிடு!

குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்க வேண்டும் என்பதுதான் பங்குச் சந்தையில் எல்லோரும் கேட்கும் முதல் பாடம். ஆனால், ஆப்ஷன் விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பங்கு விலை ஏறினால் வாங்குகிறார்கள், இறங்கினால் விற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கையைக் கடிக்கும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பங்கின் விலை இன்று 1,000 ரூபாய். 'இன்னும் 30 நாள் கழித்து, அன்றைய விலை எதுவாக இருந்தாலும், இதே 1,000 ரூபாய்க்கு 500 பங்குகளை உங்களிடம் வாங்கிக்கொள்ளும் உரிமை எனக்கு வேண்டும்' என்று ஒருவர் கேட்கிறார். அதுதான் 'கால் ஆப்ஷன்'. அதற்கு அவர் கொடுக்கும் பிரீமியம் பங்குக்குச் சுமார் 28 ரூபாய் 60 காசு என்று வைத்துக்கொள்வோம். 500 பங்குகள் கொண்ட ஒரு லாட்டுக்கு 14,300 ரூபாய். விலை ஏறாவிட்டால் விற்றவருக்கு அத்தனையும் லாபம். விலை 1,200-க்குப் போனால்? ஒரு லட்சம் ரூபாய் கைவிட்டுப் போகும்.

விற்றவருக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம். பிரீமியம் மட்டும் போதும். அதனால் அவர் கொஞ்சம் பங்குகளை வாங்கி வைத்துக்கொள்கிறார். எத்தனை பங்குகள் என்பதைச் சொல்லும் எண்தான் டெல்டா. பங்கு ஒரு ரூபாய் ஏறினால் ஆப்ஷன் விலை எத்தனை காசு ஏறும் என்பதே அது. நம் உதாரணத்தில் 51 காசு, அதாவது டெல்டா 0.51. எனவே 500-ல் 51 சதவிகிதம், 255 பங்குகள் வாங்கினால் கணக்கு நேர். பங்கு ஒரு ரூபாய் ஏறினால் ஆப்ஷனில் 255 ரூபாய் போகும், பங்குகளில் 255 ரூபாய் வரும். இறங்கினாலும் அப்படியே. இந்த நிலைக்குப் பெயர்தான் 'டெல்டா நியூட்ரல்'.

இத்தோடு நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றும். விஷயமே இனிமேல்தான் ஆரம்பிக்கிறது.

பங்கு சட்டென்று 1,020-க்கு ஏறுகிறது. 255 பங்குகளில் லாபம் 5,100 ரூபாய். ஆனால், ஆப்ஷன் விலை கிட்டத்தட்ட 40 ரூபாய் ஆகிவிட்டதால் அதில் நஷ்டம் சுமார் 5,700. நிகரமாக 600 ரூபாய் போச்சு. சரி, ஏறுவதற்குப் பதில் 980-க்கு இறங்கியிருந்தால்? அப்போதும் சுமார் 500 ரூபாய் நஷ்டம்தான். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அடி!

காரணம், டெல்டா ஓரிடத்தில் நிற்காது. விலை ஏற ஏற, வாங்கியவர் தன் உரிமையைப் பயன்படுத்தும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் ஆப்ஷன் மேலும் மேலும் பங்கு போலவே நடந்துகொள்கிறது. 1,020-ல் டெல்டா 0.62. இப்போது 311 பங்குகள் தேவை, கையில் இருப்பதோ 255. 980-ல் டெல்டா 0.40. அங்கே 201 பங்குகள் போதும், மீதி சுமை. டெல்டா இப்படி மாறும் வேகத்துக்கு 'காமா' என்று பெயர்.

எனவே, 1,020-ல் இன்னும் 56 பங்குகள் வாங்கித்தான் கணக்கை மீண்டும் நேராக்க வேண்டும். வாங்கியாயிற்று. மறுநாளே விலை 1,000-க்குத் திரும்பிவிடுகிறது. அந்த 56 பங்குகளும் இப்போது வேண்டாதவை. 1,020-க்கு வாங்கியதை 1,000-க்கு விற்றால் 1,120 ரூபாய் நஷ்டம். சும்மா இருந்திருந்தால் இந்த நஷ்டமே இல்லை. ஆனால், விலை திரும்பாமல் 1,040-க்குப் போயிருந்தால், சும்மா இருந்தவருக்கு நஷ்டம் 2,200. வாங்கியவருக்கு அதில் பாதிதான். எது நடக்கும் என்பது 1,020-ல் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஆப்ஷன் விற்றுக்கொண்டிருக்க மாட்டார்!

அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? நாள் கழியக் கழிய ஆப்ஷன் தேய்கிறது. நம் உதாரணத்தில் ஆரம்ப நாள்களில் தினமும் பங்குக்கு ஏறக்குறைய 48 காசு, லாட்டுக்கு 240 ரூபாய். இது விற்றவரின் தினக்கூலி. காமாவால் வரும் அடியோ, நகர்வு இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். பங்கு ஒரு நாளில் சுமார் 13 ரூபாய் நகர்ந்தால் கூலியும் அடியும் சரியாகிவிடும். அதற்குள் நகர்ந்தால் லாபம், மீறினால் நஷ்டம். பிரீமியம் என்பது இந்த 13 ரூபாய் அசைவுக்குத்தான் விலை. பங்கு ஏறுமா இறங்குமா என்பது இவருக்குப் பிரச்னையே இல்லை. எவ்வளவு துள்ளும் என்பதுதான் பிரச்னை. ஆப்ஷனை வாங்கி, பங்கை எதிர்ப்பக்கம் வைத்திருப்பவருக்கு எல்லாமே தலைகீழ். துள்ளல் அவருக்கு வரவு, நாள்கள் செலவு.

ரூபாய்க்கு ரூபாய் திருத்திக்கொண்டே இருக்கலாமே என்று கேட்கலாம். டெலிவரி எடுக்கும் பங்குகளில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவிகிதம் பரிவர்த்தனை வரி உண்டு. 56 பங்குகளுக்கு ஒரு தடவைக்கு 57 ரூபாய். தரகு தனி. தினக்கூலியே 240 ரூபாய் எனும்போது இப்படி எத்தனை முறை திருத்த முடியும்? ஃபியூச்சர்ஸில் செலவு குறையலாம். ஆனால், அதை முழு லாட்டாகத்தான் வாங்க முடியும். ஒரே ஒரு ஆப்ஷன் லாட் விற்றவருக்கு 255 பங்குகள் என்ற கணக்கு அதில் வராது. பல லாட் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கே அது ஒத்துவரும். அதனால் பலர், டெல்டா இவ்வளவு தவறினால் மட்டும் திருத்துவது என்று ஓர் எல்லை வைத்துக்கொள்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்.

ஆனால், சந்தை மூடியிருக்கும்போது எந்த எல்லையும் உதவாது. மாலை 3.30-க்கு 1,000 ரூபாயில் முடிந்த பங்கு, இரவில் ஏதோ செய்தி வந்து காலை 9.15-க்கு 1,080-ல் தொடங்குகிறது. நடுவில் வாங்க வாய்ப்பே இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், ஒரே காலையில் சுமார் 8,000 ரூபாய் நஷ்டம். மொத்த பிரீமியத்தில் பாதிக்கு மேல்! 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீடு 22.6 சதவிகிதம் சரிந்தபோது, பெரிய முதலீட்டு நிதிகள் இதே வகைக் கணக்கைத்தான் கையில் வைத்திருந்தன. இறங்க இறங்க விற்க வேண்டும் என்பது திட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்ததில், வாங்க ஆளில்லாமல் சரிவு இன்னும் ஆழமானது.

விலை அசையாவிட்டாலும் டெல்டா மாறும் என்பது இன்னொரு சங்கடம். பங்கு 1,020-லேயே நின்றால்கூட, 30 நாள் மீதமிருந்தபோது 0.62-ஆக இருந்த டெல்டா, கடைசி நாளுக்கு முந்தைய தினம் 0.94 ஆகியிருக்கும். 1,000-க்குப் பக்கத்தில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். முதல் வாரத்தில் 10 ரூபாய் ஏற்றத்துக்கு 30 பங்குகள் வாங்கினால் போதும். கடைசி நாளில் அதே 10 ரூபாய்க்கு 140 பங்குகள் வாங்க வேண்டும்.

எக்ஸ்பைரி அன்று பிற்பகலில் விலை 999-க்கும் 1,001-க்கும் இடையே ஊசலாடினால், தேவை பூஜ்யத்துக்கும் 500-க்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களிலும் பணமாகத் தீர்க்காமல் பங்காகவே கொடுக்க வேண்டும். 1,000-க்கு மேல் முடிந்தால் 500 பங்குகளையும் ஒப்படைக்க வேண்டும், கையில் 255 மட்டும் இருந்தால் மீதியைத் தேடி ஓட வேண்டும். கீழே முடிந்தால் யாரும் கேட்காத 255 பங்குகளுடன் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலில் பழகியவர்கள் பலர், கடைசிச் சில நாள்களின் கூலி போனால் போகட்டும் என்று, விற்ற ஆப்ஷனைத் திரும்ப வாங்கி முன்கூட்டியே கணக்கை முடித்துவிடுகிறார்கள்.