படம் பிடிக்க முன்னர் மென்பொருளிடம் கேட்க வேண்டியவை

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் காணிகள், போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்ற பலருக்கு வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. எந்தக் கிணறு யாருடையது, வாய்க்கால் எப்பக்கம் ஓடியது என்பவை முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. ஆதலால் அவர்கள் சொல்வதை வீடியோவில் பதிந்து வைக்க நம் இளைஞர் விரும்புவது நல்லதே. ஆனால் எண்பது வயதுப் பெரியவர் ஒருவரை இரண்டாம் முறை வெயிலில் நிறுத்திப் பேச வைக்க முடியாது. பதிவு எடுத்த பின்னர் மென்பொருளின் குறையை அறிவதைவிட, எடுக்க முன்னர் அறிவதே முறை.

‘எந்த மென்பொருள் சிறந்தது?’ என்பதே பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி. அது தவறான தொடக்கம் என்பது எமது கருத்து. படத்தை எங்கே காட்டப் போகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கிக் கேட்க வேண்டும். நாற்பது நிமிடப் படம் ஒன்றை, பென் டிரைவில் இட்டு, சனசமூக நிலையத்துத் தொலைக்காட்சியில் காட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

முதற் கேள்வி: முடிந்த படம் அந்தத் தொலைக்காட்சியில் ஓடுமா? பல தொலைக்காட்சிகள் FAT32 என்ற முறையில் அமைந்த பென் டிரைவையே வாசிக்கும். அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் படத்தை வெளியிட்டால், விநாடிக்கு 1 மெகாபைட் ஆகும். நாற்பது நிமிடம் என்பது 2400 விநாடி. ஆகவே கோப்பு ஏறத்தாழ 2.4 ஜிகாபைட். இது அடங்கும். அளவை இருமடங்காக்கினால் 4.8 ஜிகாபைட் ஆகிவிடும். அது பென் டிரைவில் ஏறாது. எனவே இந்த அளவை நாமே தீர்மானிக்க மென்பொருள் இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். இலவசப் பதிப்பு தன் பெயர் முத்திரையைப் படத்தின் மூலையில் பதிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பு பதிக்கும், ஷொட்கட் பதிக்காது.

இரண்டாவது கேள்வி: எமது கைத்தொலைபேசிப் பதிவை அது ஒழுங்காக ஏற்குமா? கோப்பு திறந்துவிட்டது என்பது போதிய விடையன்று. கைத்தொலைபேசி, விநாடிக்கு எத்தனை படச் சட்டங்களை எடுப்பது என்பதை வெளிச்சத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால், Frame rate mode என்பதற்கு எதிரே Variable என்று காணப்படும். இதைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் உதட்டசைவும் குரலும் சிறிது சிறிதாக விலகும். முதல் நிமிடத்தில் இது தெரியாது. நீண்ட பதிவின் இறுதியிலேயே தெரியும். ஆகவே பத்து நிமிடம் ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒரு தடவையும் முடிவில் ஒரு தடவையும் கைதட்டிப் பதியுங்கள். வெளியிட்ட படத்தில் கைகள் சேரும் கணமும் ஓசையும் இரு இடத்திலும் ஒன்றாயிருந்தால் நம்பலாம். விலகினால், தொகுக்க முன்னர் கோப்பை மாற்றவேண்டும். ஷொட்கட்டில் இதற்கென Convert to Edit-friendly என்ற வசதி உண்டு. ஆனால் மாற்றிய கோப்பு பல மடங்கு பெரிதாகும். கணனியில் இடமிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: தமிழை முறையாக எழுதுமா? ‘தெல்லிப்பழை’, ‘கொல்லங்கலட்டி’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்தின் முன்னே நில்லாமல் பின்னே போய் நின்றால், அந்த மென்பொருள் தமிழ் எழுத்துகளைக் கோக்க அறியாதது. ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் சிதைந்த பதிவை யார் மதிப்பர்? அப்படியானால் தலைப்புகளை வேறு மென்பொருளில் படமாக்கி, வீடியோவின் மேல் ஒட்டலாம். வேலை கூடும், ஆனால் எழுத்துச் சரியாயிருக்கும்.

நான்காவது கேள்வி: ஐந்து ஆண்டின் பின்னர் மீண்டும் திறக்க முடியுமா? பெரும்பாலான தொகுப்பு மென்பொருள்கள் சேமிக்கும் திட்டக் கோப்பில் படம் இராது; மூலப் பதிவுகள் எங்கே உள்ளன, எங்கே வெட்டப்பட்டன என்ற குறிப்பே இருக்கும். மூலப் பதிவை அழித்தால் திட்டக் கோப்பு வெறும் பட்டியலே. சோதனைத் திட்டத்தை மூலப் பதிவுகளோடு வேறொரு கணனிக்குக் கொண்டுசென்று திறந்து பாருங்கள். காணிப் பிணக்கு ஒன்று எழும்போது வெட்டப்படாத முழுப் பேச்சுத்தான் பெறுமதியுடையது; அதை இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

இந்த நான்குக்கும் விளம்பரம் விடை தராது. ஒரு மாலைப்பொழுதுச் சோதனை தரும். கைதட்டிய பதிவு, இரண்டு ஊர்ப் பெயர்கள், ஒரு பென் டிரைவ், படம் காட்டப்படவுள்ள அதே தொலைக்காட்சி ஆகியவை போதும். அதில் தேறிய மென்பொருள் எதுவாயினும் சரி. தேறாத ஒன்றை நம்பிப் பெரியவர்களைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.