பறக்காத விமானத்துக்கு யார் வரி கட்டுவது?

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. இந்த முறை சினிமா இல்லை, கணக்கு! பி.காம் படிக்கிறவன் வேறு எதை எழுதுவான் என்று சிரிக்காதீர்கள். முழுசாகப் படித்தால் உங்களுக்கும் நாலு காசு மிஞ்சலாம்.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலை. போன ஐப்பசியில் டெல்லியில் ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு டிராவல்ஸில் ரொக்கம் கட்டி, சென்னையிலிருந்து டிக்கெட் போட்டான். கிளம்ப வேண்டிய நாளில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து பஸ் வரவில்லை. அவன் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது விமானம் டெல்லியில் இறங்கியே விட்டது.

டிராவல்ஸ்காரர் சொன்னது ஒரே வரி: "நீ கேன்சலும் பண்ணலை, ஏறவும் இல்லை தம்பி. இது நோ-ஷோ, ஒரு பைசா வராது."

பையன் நம்பிவிட்டான். நான் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். கட்டியது 4,750 ரூபாய். அதன் பிரிவு இப்படி இருந்தது:

அடிப்படைக் கட்டணம் 3,200
எரிபொருள் கூடுதல் கட்டணம் 400
ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 180
விமானப் பாதுகாப்புக் கட்டணம் 236
விமான நிலையப் பயனாளர் கட்டணம் 384
இணைய முன்பதிவுக் கட்டணம் 350

இதில் முதல் இரண்டும்தான் விமான கம்பெனியின் வருமானம். பாதுகாப்புக் கட்டணமும் பயனாளர் கட்டணமும் அப்படி இல்லை. விமானம் ஏறும் பயணிக்காக வசூலித்து, உரிய இடத்தில் கட்ட வேண்டிய பணம் அது. நம் பாடத்தில் சொல்வதென்றால் அது வருமானம் அல்ல, பொறுப்பு. லாப நட்டக் கணக்குக்குள் வரவே கூடாது. பயணி ஏறவில்லை என்றால் கம்பெனி அதை யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. அப்படியானால் பணம் யாருடையது? கொடுத்தவனுடையது.

இது என் சொந்தத் தத்துவம் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) 2016 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த திருத்தத்திலேயே இருக்கிறது. கேன்சல் செய்தாலும், நோ-ஷோ ஆனாலும், சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டாகவே இருந்தாலும் சட்டப்படியான வரிகளையும் இந்த விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். ரீஃபண்ட் போடுவதற்கென்று தனியாகக் கூலி பிடிக்கக் கூடாது. கேன்சல் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது.

இந்தக் கடைசி வரம்பு மலிவு டிக்கெட்டில்தான் கை கொடுக்கும். ஒருவர் டிக்கெட்டில் அந்த இரண்டும் சேர்ந்தே 1,500 தான் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் பட்டியலில் கேன்சல் கட்டணம் 3,500 என்று போட்டிருந்தாலும் 1,500க்கு மேல் பிடிக்க முடியாது. மற்றக் கட்டணங்களில் கை வைக்க முடியாது.

சரி, நம் நண்பனுக்கு எவ்வளவு? 3,600 போச்சு. முன்பதிவுக் கட்டணம் 350ம் போச்சு, அது டிக்கெட் போட்டுக் கொடுத்த வேலைக்கான கூலி. 236ம் 384ம் சேர்ந்து 620 நிச்சயம் வர வேண்டும்.

சிக்கல் அந்த 180ல். வரி என்றால் திரும்ப வேண்டும் என்கிறது விமான விதி. ஆனால் கேன்சலில் பிடித்துக்கொள்ளும் தொகைக்கும் பயணத்துக்குப் போடும் அதே விகிதத்தில் ஜி.எஸ்.டி. உண்டு என்று 2022 ஆகஸ்டில் மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. 3,600ஐயும் பிடித்துக்கொண்டால் அதற்கு 5 சதவீதம், அதே 180! பறக்காத பயணத்துக்கும் வரி. என்னத்தைச் சொல்ல...

பி.என்.ஆர். எண்ணைப் போட்டு கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். பாதுகாப்புக் கட்டணம், பயனாளர் கட்டணம் இரண்டையும் தொகையோடு குறிப்பிட்டுக் கேட்டோம். மூன்றாவது வாரம் 620 வந்தது, ஆனால் டிராவல்ஸ்காரர் கணக்குக்கு. டிக்கெட் போட்ட வழியிலேயே பணம் திரும்பும் என்பதால் அப்படி. நாங்கள் போய்க் கேட்ட பிறகு அவரும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பாவம், அவருக்கே இது தெரியாது. கம்பெனி பதில் போடாவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம் என்று தயாராக இருந்தோம், தேவைப்படவில்லை.

என் கருத்து இதுதான். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பது விமானக் கதவை மூடும்போதே கம்பெனிக்குத் தெரியும். இருக்கை எண் வரை தெரிந்தவர்களுக்கு யாருக்கு 620 பாக்கி என்று தெரியாதா? பிறகு ஏன் நாம் விண்ணப்பம் போட வேண்டும்? நோ-ஷோ ஆன டிக்கெட்டுக்குக் கேட்காமலே, கட்டிய வழியில் பணம் போக வேண்டும், பயணியின் செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும் போக வேண்டும். அந்தச் செய்தி இல்லாவிட்டால் டிராவல்ஸ் கணக்கிலேயே பணம் தூங்கும், மலையில் இருப்பவனுக்குத் தெரியாமலே போகும்.

அதுவரைக்கும் விமானத்தைத் தவறவிட்டால் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள் மக்களே. முதலில் பிரிவைப் படியுங்கள்.

நண்பன் அந்த 620ல் எனக்கு ஒரு பரோட்டா வாங்கித் தந்தான். ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்பட மாட்டாது :-)